38,018 ரூபாயில் 179 ரூபாய்: மாறாத தவணைக்குள் நீண்டுபோகும் வீட்டுக்கடன்

2022 மே மாதத்திற்கும் 2023 பிப்ரவரி மாதத்திற்கும் இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் இந்திய ரிசர்வ் வங்கி தனது ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்திற்கு ஆறு கட்டங்களாக உயர்த்தியபோது, மாறும் வட்டியில் வீட்டுக்கடன் பெற்றிருந்த பலருடைய வங்கிக் கணக்கில் அந்த உயர்வு உடனே எந்தச் சலனத்தையும் ஏற்படுத்தவில்லை. வழக்கமான தேதியில் வழக்கமான தொகையே பிடிக்கப்பட்டது. குறுஞ்செய்தியில் வந்த எண்ணும் முந்தைய மாதத்து எண்ணாகவே இருந்தது. ஆனால் அந்தக் கடன் எந்த ஆண்டில் முடியும் என்பது மட்டும், கடன் பெற்றவரின் கண்ணில் படாத ஓர் ஏட்டில், ஒவ்வொரு வட்டி உயர்வுக்குப் பின்னும் தள்ளிக்கொண்டே போனது.

மாறும் வட்டி என்பது கடன் காலம் முழுவதற்கும் ஒரே விகிதத்தை உறுதி செய்யாமல், வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு விகிதத்தைக் கட்டிவைக்கும் ஏற்பாடாகும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தனிநபர்களுக்குப் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் அனைத்தும் இத்தகைய வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. பெரும்பாலான வங்கிகள் அதற்கு ரெப்போ விகிதத்தையே தேர்ந்துகொண்டன. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்திற்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டியே ரெப்போ. அதன்மேல் வங்கி தன் செலவுக்காகவும் இலாபத்துக்காகவும் கடன் திரும்பாமற்போகும் இடருக்காகவும் சேர்த்துக்கொள்ளும் பங்கு ‘ஸ்ப்ரெட்’ எனப்படுகிறது. ரெப்போ மாறியவுடன் கடனின் வட்டி அன்றே மாறிவிடுவதில்லை. ஒப்பந்தத்தில் குறித்த இடைவெளியில், குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது, வங்கி புதிய விகிதத்தைக் கணக்கில் ஏற்றுகிறது. இதற்கு வட்டி மறுநிர்ணயம் என்று பெயர். தவணைக்காலம் நீள்வதும் குறுகுவதும் அந்த நாளில்தான் நிகழ்கின்றன.

ஒரு கடனில் நான்கு எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன: மீதமுள்ள அசல், வட்டி விகிதம், மாதத் தவணை, இன்னும் கட்ட வேண்டிய தவணைகளின் எண்ணிக்கை. இவற்றுள் எந்த மூன்று தெரிந்தாலும் நான்காவது தானே தீர்மானமாகிவிடும். மறுநிர்ணய நாளில் அசல் என்பது நடந்து முடிந்த உண்மை. விகிதமோ ரெப்போவால் நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை தவணையும் எண்ணிக்கையும் மட்டுமே என்பதால், அவற்றுள் ஒன்றை அசையாமல் நிறுத்தினால் மற்றொன்று அசைந்தே ஆக வேண்டும். இந்திய வங்கிகள் நெடுங்காலமாகத் தவணையை நிறுத்திவைத்து எண்ணிக்கையை அசைய விட்டு வந்தன.

எவ்வளவு அசைகிறது என்பதே பலரும் ஊகிக்கத் தவறும் செய்தி. இரண்டரை சதவீத வட்டி உயர்வுக்கு நான்கைந்து ஆண்டுகள் கூடலாம் என்று பொதுவாக எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் எங்கே பிழைபடுகிறது என்பதைக் காண ஒரு கடனை முழுவதுமாகக் கணக்கிட்டுப் பார்ப்பதே நல்ல வழி.

ஒரு கடனின் பதினைந்து மாதங்கள்

2021 டிசம்பர் இறுதியில் ஒருவர் 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் பெறுகிறார் என்று கொள்ளலாம். அன்றைய ரெப்போ 4 சதவீதம்; வங்கியின் ஸ்ப்ரெட் 2.75 சதவீதம், ஆக வட்டி 6.75 சதவீதம். இருபது ஆண்டுகளில், அதாவது 240 மாதங்களில், கடன் தீர வேண்டுமானால் மாதத் தவணை 38,018 ரூபாய். 2022 ஜனவரியில் கட்டப்பட்ட முதல் தவணையில் அந்த மாதத்து வட்டிக்கு 28,125 ரூபாய் போக, எஞ்சிய 9,893 ரூபாய் அசலைக் குறைத்தது. மறுநிர்ணயம் காலாண்டின் முதல் நாளில் நடைபெறுவதாகவும், வட்டி மாதந்தோறும் கணக்கிடப்படுவதாகவும் வைத்துக்கொண்டு, ரெப்போவில் உண்மையாக நிகழ்ந்த மாற்றங்களை இக்கடனின்மீது ஏற்றிப் பார்க்கலாம்.

முதல் ஆறு மாதங்கள் திட்டமிட்டபடியே கழிகின்றன. மே, ஜூன் மாத உயர்வுகளால் ரெப்போ 4.9 சதவீதத்தை எட்டிவிட்டதால், ஜூலை முதல் நாளில் கடனின் வட்டி 7.65 சதவீதமாகிறது. அன்றைக்கு மீதமிருக்க வேண்டிய தவணைகள் 234. தவணையை மாற்றாமல் விட்டால் அவை 278 ஆகின்றன. மூன்று ஆண்டு எட்டு மாதங்கள் கூடுகின்றன. இது வருத்தம் தருவதே எனினும் எதிர்பாராததன்று. ஆகஸ்டிலும் செப்டம்பர் இறுதியிலும் தலா அரை சதவீதம் உயர்ந்ததால் அக்டோபரில் வட்டி 8.65 சதவீதமாகிறது, மீதத் தவணைகள் 377, அதாவது முப்பத்தொரு ஆண்டுகளுக்கும் மேல். டிசம்பரில் உயர்ந்த 0.35 சதவீதம் 2023 ஜனவரியில் கணக்கில் ஏறியபோது வட்டி சரியாக 9 சதவீதம். மீதத் தவணைகள் 466. பிப்ரவரியில் வந்த கடைசிக் கால் சதவீத உயர்வு ஏப்ரலில் கணக்கில் ஏறியபின் வட்டி 9.25 சதவீதம், மீதத் தவணைகள் 698. ஐம்பத்தெட்டு ஆண்டு இரண்டு மாதங்கள்.

பதினைந்து தவணைகளைக் கட்டி முடித்துவிட்டு, இன்னும் 225 தவணைகளே பாக்கி என்று நம்பியிருக்கும் ஒருவருக்கு உண்மையில் 698 தவணைகள் பாக்கி. அந்தப் பதினைந்து மாதங்களில் அவர் கட்டிய தொகை ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல்; அசலில் குறைந்ததோ 91 ஆயிரம் சொச்சம் மட்டுமே. 49,08,831 ரூபாய் அசலுக்கு 2023 ஏப்ரல் மாத வட்டி 37,839 ரூபாய். அவர் கட்டும் 38,018 ரூபாயில் வட்டி போக அசலுக்குச் சென்றது 179 ரூபாய்.

கடைசிக் கால் சதவீதம்

இந்தக் கணக்கில் வியப்புக்குரியது ஐம்பத்தெட்டு ஆண்டு என்ற முடிவைவிட, அந்த முடிவை எட்டிய விதமேயாகும். 0.9 சதவீதத்தால் வந்த முதல் உயர்வு 44 தவணைகளைக் கூட்டியது. 0.25 சதவீதமே கொண்ட கடைசி உயர்வோ, அந்த நேரத்தில் பாக்கியிருந்திருக்க வேண்டிய 463 தவணைகளை 698 ஆக்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளை ஒரே நாளில் சேர்த்தது. உயர்வின் அளவு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விளைவோ ஐந்து மடங்கு.

காரணம் எளிமையானது, ஆனால் தவணை என்ற ஒற்றை எண் அதை மூடி மறைக்கிறது. கடனைத் தீர்ப்பது தவணை அன்று. தவணையிலிருந்து வட்டி தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்ட பின் எஞ்சும் மிச்சமே கடனைத் தீர்க்கிறது. முதல் மாதத்தில் அந்த மிச்சம் 9,893 ரூபாய், அதாவது தவணையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். வட்டி 28,125 ரூபாயிலிருந்து 37,839 ரூபாய்க்கு உயர்ந்தது மூன்றில் ஒரு பங்கு உயர்வுதான் என்றாலும், அதே உயர்வு மிச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கை விழுங்கிவிட்டது. மிச்சம் மெலிந்திருக்கும் நிலையில் அதிலிருந்து பிடுங்கப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயும் முன்னைவிடப் பெரிய பங்காகிறது. 1,175 ரூபாயாக இருந்த மிச்சம் 179 ஆகும்போது ஏற்படும் இழப்பு, 9,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும்போது ஏற்படும் இழப்போடு ஒப்பிடத்தக்கதன்று.

இதிலிருந்து மற்றொன்றும் புலப்படுகிறது: ஒரே வட்டி உயர்வு எல்லாக் கடன்களையும் ஒரேபோல் தாக்குவதில்லை. இதே 50 லட்சம் கடனை, இதே 6.75 சதவீதத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன்பே வாங்கியிருந்த ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். பாதிக் காலம் கழிந்தும் அவருக்குப் பாதிக் கடன் தீர்ந்திருக்காது. 33 லட்சத்துச் சொச்சம் பாக்கியிருக்கும். ஆயினும் அவரது தவணையில் அசலுக்குப் போகும் பங்கு பாதிக்கும் மேல் ஆகியிருக்கும். அவருடைய வட்டி ஒரே நாளில் 9.25 சதவீதத்துக்குத் தாவினாலும் மீதமுள்ள 120 தவணைகள் 145 ஆகுமேயன்றி, அதற்கு மேல் போகாது. அதே தவணை, அதே உயர்வு. ஒருவருக்கு இரண்டு ஆண்டு ஒரு மாதம், மற்றவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு அருகில். ஆகவே நீண்ட காலத்துக்கு, குறைந்த வட்டியில், அண்மையில் வாங்கிய கடனே மிக எளிதில் நீளக்கூடியது. தொற்றுக்காலத்து மலிவான வட்டியில் வீடு வாங்கியவர்கள் இந்த மூன்று இயல்புகளும் ஒன்றுகூடிய இடத்தில் நின்றிருந்தார்கள் என்பது அவர்களுக்கு அப்போது எவரும் எடுத்துச் சொல்லாத செய்தி.

மேற்கண்ட கடனை மூன்று மாதங்கள் தாமதமாக, 2022 மார்ச் இறுதியில் வாங்கியிருந்தால் நிலைமை மேலும் விசித்திரமாகிறது. அந்த மூன்று தவணைகள் குறைத்திருக்க வேண்டிய அசல் குறையாததால், 2023 ஏப்ரலில் பாக்கி 49,41,159 ரூபாயாகவும் அதற்கான ஒரு மாத வட்டி 38,088 ரூபாயாகவும் இருக்கும். தவணையோ 38,018 ரூபாய். எழுபது ரூபாய் குறைகிறது. குறைந்த எழுபது ரூபாய் அசலோடு சேர்கிறது. அடுத்த மாதம் அந்த எழுபதுக்கும் வட்டி ஏறுகிறது. இந்தக் கடன் ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் அன்று, எந்தக் காலத்திலும் முடியாது. ஒழுங்காகத் தவணை கட்டியும் அசல் வளர்ந்துகொண்டே போகும் இந்நிலையையே கடன் துறையினர் எதிர்மறைக் கடன் கழிவு என்பர்.

தவணையை ஏன் தொடுவதில்லை

நடைமுறையில் ஐம்பத்தெட்டு ஆண்டுக் கடன் என்று எந்த வங்கியும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. பெரும்பாலான வங்கிகள் வீட்டுக்கடனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீட்டுவதில்லை. கடன் பெற்றவருக்கு எழுபது அல்லது எழுபத்தைந்து வயது ஆவதற்குள் கடன் முடிய வேண்டும் என்ற எல்லையும் உண்டு. நீட்சி இந்த எல்லையில் முட்டியபோதுதான் வங்கிகள் தவணையைத் தொட்டன. அப்போதுதான் கடன் பெற்றவருக்கும் செய்தி எட்டியது. எல்லையை முட்டும்வரை நிகழ்ந்த நீட்சியோ பல இடங்களில் ஒரு கடிதம்கூட இல்லாமல் நிகழ்ந்தது.

இந்த வழக்கத்தை வங்கியின் சூழ்ச்சி என்று மட்டும் கூறிவிட முடியாது. ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தொகையைத் தானாகப் பிடித்துக்கொள்ளக் கடன் பெற்றவர் வங்கிக்கு முன்கூட்டியே ஒப்புதல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு முந்தைய காலத்தில் பின்தேதியிட்ட காசோலைகளை மொத்தமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். தொகையை மாற்றுவதென்றால் இவை அனைத்தையும் மாற்ற வேண்டும். மேலும் கடன் வழங்கும்போதே மாத வருமானத்தில் இத்தனை பங்குக்குமேல் தவணைக்குப் போகக்கூடாது என்று வங்கி கணக்கிட்டிருக்கும். மேற்கண்ட கடனை எஞ்சிய 225 மாதங்களுக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் தவணை 46,015 ரூபாயாக உயர வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் திடீரென்று மாதம் எட்டாயிரம் ரூபாயை எங்கிருந்தோ எடுத்துவைக்க வேண்டியிருக்கும். அவர் தடுமாறித் தொண்ணூறு நாள்களுக்கு மேல் தவணை நின்றுவிட்டால் அது வங்கியின் ஏட்டில் வாராக்கடனாகிவிடும். காலத்தை நீட்டினாலோ கடன் ஒழுங்கான கடனாகவே நிற்கும். வட்டி வருவாயும் நெடுநாள் தொடரும். கடன் பெற்றவரிடம் கேட்டிருந்தாலும் அவர் பெரும்பாலும் நீட்சியையே தேர்ந்திருப்பார் என்பது உண்மையாக இருக்கலாம். குறை நீட்டியதில் இல்லை. கேட்காமல் நீட்டியதிலும், எவ்வளவு நீட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டதிலும் இருக்கிறது.

ஏனெனில் தெரிந்திருந்தால் செய்யக்கூடியது அதிகம். ஐம்பத்தெட்டு ஆண்டு, மாதம் எட்டாயிரம் ரூபாய் என்ற இரண்டு எல்லைகளுக்கும் நடுவே அகன்ற இடம் இருக்கிறது. மிச்சத்தைத் தின்னும் அதே கணக்கு எதிர்த்திசையிலும் அத்தனை வேகத்தோடு வேலை செய்கிறது: 2023 ஏப்ரலில் அந்தத் தவணையோடு மாதம் ஆயிரம் ரூபாய் மட்டும் கூட்டியிருந்தால் 698 தவணைகள் 456 ஆகச் சுருங்கியிருக்கும். இருபது ஆண்டுகளை அந்த ஆயிரம் ரூபாய் விலைக்கு வாங்குகிறது. இரண்டாவது ஆயிரம் அவ்வளவு வல்லமை உடையதன்று. அது 456-ஐ 380 ஆக்கும். 2,700 ரூபாய் கூட்டித் தவணையை 40,718 ரூபாயாக வைத்தால் 345 தவணைகளில், அதாவது கடன் தொடங்கியதிலிருந்து சரியாக முப்பது ஆண்டுகளில், எல்லாம் முடிந்துவிடும்.

இத்தகைய தேர்வைக் கடன் பெற்றவரிடம் விட வேண்டும் என்பதே 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரம். வட்டி மறுநிர்ணயம் செய்யும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கவும், நிலையான வட்டிக்கு மாறவும், கடனின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டியே கட்டவும் கடன் பெற்றவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், எந்த நீட்சியும் அசல் வளரும் நிலைக்கு இட்டுச் செல்லக் கூடாது என்றும் அது விதித்தது. முன்பே வாங்கிய கடன்களுக்கும் 2023 டிசம்பர் 31-க்குள் இவ்விதிகள் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதும் அதில் அடக்கம். விதி வந்த நேரம்தான் சற்றுப் பிந்திவிட்டது. உயர்வுகள் அனைத்தும் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தன.

வட்டி இறங்கும்போது

2025-இல் திசை மாறியது. பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் தலா கால் சதவீதம், ஜூனில் அரை சதவீதம் என்று குறைந்து ரெப்போ 5.5 சதவீதத்துக்கு வந்தது. செய்தித்தாள்கள் வீட்டுக்கடன்காரர்களுக்கு நிம்மதி என்று எழுதின. ஆனால் கணக்கில் பிடிக்கப்படும் தொகை பலருக்குக் குறையவில்லை. வங்கி ஏமாற்றுகிறதோ என்ற ஐயமும் எழுந்தது. ஏறும்போது தவணையை நிறுத்திவைத்த அதே ஏற்பாடு இறங்கும்போதும் தவணையை நிறுத்திவைத்தது என்பதே விளக்கம். பலன் கிடைத்தது; கிடைத்த இடம் கடனின் மறுமுனை. இன்றைக்குக் கைக்கு வராமல், இருபது ஆண்டுகளுக்கு அப்பால் கட்ட வேண்டியிருந்த தவணைகள் வாலிலிருந்து உதிர்ந்துபோவதால், அதை யாரும் உணர்வதில்லை.

தவணையை 40,718 ரூபாயாக உயர்த்திக்கொண்டவரின் கடனையே தொடர்ந்து பார்க்கலாம். இரண்டு ஆண்டுகள் 9.25 சதவீதத்தில் கட்டிய பின், 2025 ஏப்ரல் முதல் நாளில் அவருக்கு 321 தவணைகள் பாக்கி. வட்டி 9 சதவீதமாக இறங்கியதால் அவை 296 ஆகின்றன. ஜூலையில் வட்டி 8.25 சதவீதமாகும்போது 293 ஆக இருந்திருக்க வேண்டியவை 246 ஆகின்றன. இரு மறுநிர்ணயங்களில் ஆறு ஆண்டுகள் உதிர்ந்துவிட்டன. ஏறுமுகத்தில் நிகழ்ந்ததைவிட இங்கே அசைவு மெதுவாக இருப்பதற்கு, அவருடைய தவணையில் மிச்சம் ஏற்கெனவே தடித்திருப்பதே காரணம்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துச் சறுக்கல் ஒன்று இருக்கிறது. அவர் வங்கிக்குச் சென்று, வட்டி குறைந்துவிட்டதால் தவணையைக் குறைத்துத் தருமாறு கேட்டால், 2025 ஜூலையில் தவணை 37,365 ரூபாயாகக் குறையும். ஆனால் மீதத் தவணைகள் முப்பது ஆண்டுக் கணக்கின்படி 318 ஆகவே நிற்கும். வட்டி இனி மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டால், பழைய தவணையோடு முடிப்பதற்கு ஆகும் செலவைவிட இது ஏறத்தாழ 19 லட்சம் ரூபாய் கூடுதல். முதலில் இருபது ஆண்டாக இருந்த கடன் ஏறுமுகத்தில் முப்பதாக நீண்டது. இறங்குமுகத்தில் தவணையைக் குறைத்துக்கொண்டதால் அந்த முப்பது அப்படியே நிலைத்துவிட்டது. நீட்சியை நிரந்தரமாக்குவது பெரும்பாலும் வட்டி உயர்வு அன்று. வட்டி இறங்கிய பின் எழுதிக் கொடுக்கும் இந்த ஒரு விண்ணப்பமே. ஆயினும் கடன் அட்டைப் பாக்கியையோ, வட்டி மிகுந்த தனிநபர் கடனையோ சுமந்துகொண்டிருப்பவருக்கு, மாதம் மூவாயிரம் ரூபாயை விடுவித்து அந்தக் கடன்களை முதலில் அடைப்பது இலாபமாகவே முடியும்; 19 லட்சம் என்பதும் இருபத்தாறு ஆண்டுகளில் சிதறிக்கிடக்கும் தொகையே என்பதை மறந்துவிடலாகாது.

ரெப்போ இறங்கினாலும் எல்லாக் கடன்களும் இறங்குவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2019-க்கு முன் வழங்கப்பட்டு, வங்கி தன் நிதிச்செலவிலிருந்து தானே கணக்கிடும் எம்சிஎல்ஆர் விகிதத்தோடு இணைந்திருக்கும் கடன்களில் மாற்றம் தாமதமாகவும் அரைகுறையாகவும் வந்து சேரும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு வெளி அளவுகோல் கட்டாயமில்லை என்பதால், அவற்றின் கடன்கள் அந்தந்த நிறுவனத்தின் சொந்த விகிதத்தையே பின்பற்றுகின்றன. பழைய வாடிக்கையாளர் சிறு கட்டணம் செலுத்தி ரெப்போ இணைப்புக்கோ குறைந்த ஸ்ப்ரெட்டுக்கோ மாறிக்கொள்ள வழி இருக்கலாம். ஆனால் அவர் கேட்டால்தான் அது நடக்கும்.

ஏட்டில் தெரியும் அடையாளங்கள்

குறுஞ்செய்தியில் வரும் தவணைத் தொகை எதையும் காட்டாது. 2023 சுற்றறிக்கையின்படி காலாண்டுதோறும் கடன் பெற்றவருக்குக் கிடைக்க வேண்டிய அறிக்கையில், இதுவரை பிடிக்கப்பட்ட அசலும் வட்டியும், தவணைத் தொகை, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை இருக்க வேண்டும். மீதத் தவணைகளின் எண்ணிக்கை, முந்தைய அறிக்கையில் இருந்ததைவிடச் சரியாக மூன்று குறைந்திருந்தால் எதுவும் மாறவில்லை. மூன்றுக்குக் குறைவாகக் குறைந்திருந்தாலோ, கூடியிருந்தாலோ காலம் நீண்டிருக்கிறது. மூன்றுக்கு மேல் குறைந்திருந்தால் சுருங்கியிருக்கிறது.

வங்கி தரும் எண்ணைச் சரிபார்க்க எந்தக் கணினி விரிதாளிலும் ஒரே ஒரு சூத்திரம் போதும். பன்னிரண்டால் வகுத்த ஆண்டு வட்டி, தவணை, மீத அசல் ஆகியவற்றை இவ்வரிசையில் இட்டால், மீதத் தவணைகளின் எண்ணிக்கை கிடைக்கும். கையிலிருந்து செல்வது என்பதால் தவணைக்கு முன் கழித்தல் குறி இட வேண்டும்.

```
=NPER(9.25%/12,-38018,4908831)
```

இதற்கு விடையாக 697.8 என்று வரும். கடைசித் தவணை முழுத் தவணையாக இராது என்பதால் அது 698 தவணைகள். எண்ணுக்குப் பதிலாகப் பிழைக்குறி தோன்றினால், வட்டிக்கே தவணை போதவில்லை, கடன் ஒருபோதும் முடியாது என்பது அதன் பொருள். வங்கியின் எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் ஒன்றிரண்டு தவணைகள் வேறுபடுவது இயல்பு; வங்கிகள் வட்டியை நாள் கணக்கில் போடுவதுண்டு. இருபது, முப்பது தவணைகள் வேறுபட்டால் விகிதமோ அசலோ எங்கோ தவறாகப் பதிவாகியிருக்கிறது.

அறிக்கை வராதவர்களுக்கும் ஒரு சாட்சி வீட்டிலேயே இருக்கும். வருமான வரிக் கணக்குக்காக ஆண்டுதோறும் வங்கி வழங்கும் சான்றிதழில் அந்த நிதியாண்டில் கட்டிய வட்டியும் அசலும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். 80சி பிரிவின்கீழ் கழிவு கோருவோர் அசல் தொகையை அதிலிருந்து பார்த்து எழுதிவிட்டு, சென்ற ஆண்டு எவ்வளவு என்று ஒப்பிடாமலே தாளை மடித்து வைத்துவிடுவர். மேற்கண்ட 50 லட்சம் கடனில் வட்டி மாறாதிருந்தால், 2022-23 சான்றிதழ் அசல் என்ற இடத்தில் 1,24,537 ரூபாய் காட்டியிருக்கும். அந்த நிதியாண்டின் மூன்று மறுநிர்ணயங்களுக்குப் பின், அது காட்டுவது 61,322 ரூபாய். தவணையும் தொடப்படாமல் வட்டியும் இறங்காமல் போயிருந்தால், அடுத்த ஆண்டுச் சான்றிதழில் கட்டிய மொத்தம் நான்கரை லட்சத்துக்கு மேல் என்றும், அதில் அசல் 2,243 ரூபாய் என்றும் அச்சாகியிருக்கும்.